கடைசி பில் கேட்கிறார், கையில் ஒரு ஃபைல் கொடுத்தார்: இதில் என்னென்ன இருக்க வேண்டும்?

திருவெறும்பூர்வாசி | சனி காலை 9:12

வணக்கம். திருச்சி பக்கம் கீழும் மேலுமாக 1,600 சதுர அடியில் வீடு கட்டி முடித்திருக்கிறோம். சதுர அடி 2,400 என்று பேசி மொத்தம் 38,40,000. அதில் கடைசி 5 சதவீதம், 1,92,000 மட்டும் பாக்கி. நேற்று கான்ட்ராக்டர் வந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கையில் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்கு சார், கணக்கை முடிச்சிடலாம்" என்றார்.

பிரித்துப் பார்த்தேன். அப்ரூவல் பிளானின் ஜெராக்ஸ் ஒன்று. ஆரம்பத்தில் கொடுத்த எலக்ட்ரிக்கல் டிராயிங் ஒன்று. அதில் சமையலறை ஜன்னலே வேறு சுவரில் இருக்கிறது, ஏனென்றால் நாங்கள் பாதியில் மாற்றினோம். வாரண்டி கார்டு நான்கு: கீசர் இரண்டு, இன்வெர்ட்டர், பேட்டரி. அதில் இரண்டுக்குக் கடை சீல் கிடையாது. போர் மோட்டாருக்கு எதுவுமே இல்லை. பிளம்பிங் டிராயிங் கேட்டதற்கு, "அதெல்லாம் பெரிய பில்டிங்குக்குத்தான் சார்" என்று சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் மாடுலர் கிச்சன்காரர் சுவரில் துளை போட வருகிறார். அம்மாவுக்காகக் கீழ் பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி மாட்ட வேண்டும். பூச்சுக்கு முன் நானே போனில் எடுத்த இருநூறு போட்டோ இருக்கிறது, டேப் வைத்துத்தான் எடுத்தேன். அது போதுமா? இல்லை, டிராயிங்கை விடாமல் கேட்க வேண்டுமா?

சட்டம்_தெரியும் | சனி காலை 9:40

அப்ரூவ்டு பிளான் இருந்தால் போதும் நண்பரே. பேங்க்காரனும் அதைத்தான் கேட்பான், வரி போடுகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள். மற்றதெல்லாம் காகிதக் குப்பை. ரெரா சட்டப்படி 5 வருடம் கான்ட்ராக்டர்தான் பொறுப்பு. எது உடைந்தாலும் அவரைக் கூப்பிடுங்கள், 30 நாளில் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஓய்வுபெற்ற_பொறியாளர் | சனி காலை 10:25

மேலே சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. ரெராவுக்கு அப்புறம் வருகிறேன்.

அப்ரூவல் பிளானில் இருப்பது அனுமதி. எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி, எவ்வளவு உயரம் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். உங்கள் பாத்ரூம் சுவருக்குள் சுடுதண்ணீர் பைப் நிமிர்ந்து போகிறதா, படுத்துப் போகிறதா என்று அதில் இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. உங்களுக்கு வேண்டியது கட்டி முடித்தபின் உள்ளபடி வரைந்த டிராயிங். சைட்டில் ஆஸ்-பில்ட் என்பார்கள். அரசு வேலையில் நாங்கள் கம்ப்ளீஷன் பிளான் என்போம். மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தத்தில் வேலை முடிந்த 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பில்லில் பிடிப்பார்கள். அப்படிப் பிடிக்கிற வழி இருந்தும் நான் சர்வீஸில் இருந்தபோது பலர் பழைய டிராயிங்கிலேயே தலைப்பை மட்டும் மாற்றிக் கொண்டுவருவார்கள். ஒரு தடவை, கட்டாமலே விட்டுவிட்ட படிக்கட்டு கம்ப்ளீஷன் பிளானில் அழகாக நின்றது.

அதனால் யாராவது ஆஸ்-பில்ட் என்று நீட்டினால் நான் முதலில் பார்ப்பது, பாதியில் மாறிய ஏதாவது ஒன்று அதில் மாறியிருக்கிறதா என்று. உங்கள் வீட்டில் அது ஜன்னல். அது பழைய சுவரிலேயே இருந்தால் மற்றதையும் நம்ப வேண்டாம்.

வீட்டுக்கு மூன்று தாள் போதும். சுவருக்குள் போகிற தண்ணீர் பைப்புக்கு ஒன்று, ஒயரிங் பைப்புக்கு ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்: வெளியே மண்ணுக்குள் இருப்பது. செப்டிக் டேங்க் மூடி, சேம்பர்கள், எர்த் குழி, மீட்டரிலிருந்து வரும் கேபிள், சம்ப்பிலிருந்து மேலே ஏறும் பைப். பேவர் பிளாக் போட்ட பிறகு இதில் ஒன்றையும் கண்ணால் பார்க்க முடியாது.

மாலதி_பெரும்பாக்கம் | சனி காலை 11:03

சார் சொன்ன மூன்றாவது தாள் இல்லாமல் நாங்கள் பட்டது கொஞ்சமில்லை. 64 வீடு உள்ள அப்பார்ட்மெண்ட், நான் அசோசியேஷன் செயலாளர். பில்டர் கைமாற்றியபோது இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் காகிதம் வந்தது. பெருமையாக போட்டோ எடுத்துக்கொண்டோம். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் டைல்ஸ் கேட்டலாக். லிஃப்ட், ஜெனரேட்டர் புத்தகமெல்லாம் இருந்தது. தீயணைப்பு பைப் மண்ணுக்குள் எப்படிப் போகிறது என்ற டிராயிங் மட்டும் இல்லை. ஒரு நாள் பிரஷர் இறங்க ஆரம்பித்தது, எங்கேயோ கசிவு. ஐந்து இடத்தில் தோண்டி, ஐந்தாவது குழியில்தான் பைப் தென்பட்டது. காம்பவுண்டு சுவர் ஓரமாகப் போகும் என்று நாங்கள் நினைத்தது, உண்மையில் பார்க்கிங் நடுவே போயிருந்தது.

திருவெறும்பூர்வாசி, உங்கள் அசோசியேஷன் பதிவாகிவிட்டதா? அதன் பெயரில் கடிதம் கொடுங்கள். ரெரா 17ஆம் பிரிவுப்படி, கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வாங்கிய 30 நாளுக்குள் பிளானும் ஆவணங்களும் அசோசியேஷனுக்கு வந்தாக வேண்டும்.

திருவெறும்பூர்வாசி | சனி காலை 11:20

மேடம், எங்களுடையது தனி வீடு. சொந்த மனை, கான்ட்ராக்டரிடம் கட்டக் கொடுத்தோம். அசோசியேஷன் என்றால் நானும் என் மனைவியும்தான் :)

மாலதி_பெரும்பாக்கம் | சனி காலை 11:31

மன்னிக்கவும், அவசரத்தில் படித்துவிட்டேன். அப்படியானால் ரெராவே உங்களுக்குப் பொருந்தாது. அது விற்பதற்காகக் கட்டுகிறவர்களுக்கு. சட்டம்_தெரியும் சொன்ன 5 வருடம் 14ஆம் பிரிவில் இருப்பது உண்மைதான், ஆனால் அது பில்டரிடம் வீடு வாங்கியவர்களுக்கு. சொந்த மனையில் கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டரை அதில் இழுக்க முடியாது.

சட்டம்_தெரியும் | சனி காலை 11:48

நுகர்வோர் கோர்ட் இருக்கிறதே! வீடு கட்டிக் கொடுப்பதும் சேவைதான்.

ஓய்வுபெற்ற_பொறியாளர் | சனி காலை 11:55

அது சரி. ஆனால் அங்கேயும் உங்கள் அக்ரிமெண்டில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். திருவெறும்பூர்வாசி, அதில் டிராயிங், வாரண்டி பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா?

திருவெறும்பூர்வாசி | சனி நண்பகல் 12:10

எடுத்துப் பார்த்தேன் சார். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் சிமெண்ட் பிராண்டு, கம்பி பிராண்டு, டைல்ஸ் விலை எல்லாம் இருக்கிறது. முடிவில் "வேலை முடிந்து சாவி கொடுத்ததும் மீதி 5 சதவீதம்" என்று ஒரு வரி. காகிதம் பற்றி ஒரு சொல் இல்லை.

கட்டிடக்காரன் | சனி மதியம் 2:36

நானும் கான்ட்ராக்டர்தான், மதுரை. இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

2,400 ரேட்டில் ஆஸ்-பில்ட் வரைந்து தர ஆள் வைக்க முடியாது. டிராஃப்ட்ஸ்மேன் சைட்டுக்கு வந்து அளந்து போட்டால் அவருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஓனர் மூன்று தடவை ஸ்விட்ச் இடம் மாற்றுவார், ஒவ்வொரு தடவையும் டிராயிங் மாறுமா? அக்ரிமெண்டில் எழுதியிருந்தால் ரேட்டிலேயே சேர்த்திருப்போம். முடிந்த பிறகு, எங்கோ படித்துவிட்டு வந்து, "கடைசி பில் கொடுக்க மாட்டேன், டிராயிங் கொடு" என்றால் கோபம் வராதா? அந்த 5 சதவீதம்தான் எங்களுக்கு மிஞ்சுகிற காசே.

ஆனால் "பெரிய பில்டிங்குக்குத்தான்" என்று சொன்னது தப்பு. நான் செய்வது இது. எலக்ட்ரீஷியன், பிளம்பர் இருவரிடமும் ஆளுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்துவிடுவேன். காடி வெட்டிப் பைப் போட்ட அன்றைக்கே சிவப்புப் பேனாவால் அதில் கோடு போட வேண்டும். அழுக்காக, சிமெண்ட் கறையோடுதான் இருக்கும். அதை ஸ்கேன் செய்து ஓனருக்கு அனுப்பிவிடுவேன். உங்கள் கான்ட்ராக்டரிடம் கம்ப்யூட்டர் டிராயிங் கேட்காதீர்கள், வராது. பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் அரை நாள் அனுப்பச் சொல்லுங்கள், பழைய பிரிண்டிலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

வளைகுடா_டாகுமெண்ட்_கண்ட்ரோலர் | சனி மாலை 4:02

நான் இருக்கும் இடத்தில் கைமாற்றும் ஃபைல் ஒரு அறை நிறைய வரும், ஒவ்வொரு வால்வுக்கும் நம்பர் இருக்கும். அங்கேயும் எல்லாம் அந்தச் சிவப்புக் கோட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஃபோர்மேன் கையெழுத்துப் போட்ட சிவப்புக் கோடு இல்லாமல் எத்தனை அழகாக வரைந்து வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவோம். கட்டிடக்காரன் அண்ணன் சொல்வதுதான் நடைமுறை.

திருவெறும்பூர்வாசி | சனி மாலை 5:15

சரி, நாளை பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வருகிறார்கள். பேசிவிட்டேன், கொஞ்சம் முணுமுணுத்தார்.

போட்டோ கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கீழ் பாத்ரூம் போட்டோவில் டேப் தெளிவாகத் தெரிகிறது: கீசரிலிருந்து மிக்ஸருக்கு வரும் சுடுதண்ணீர் பைப், தரையிலிருந்து சரியாக 3 அடி உயரத்தில் படுத்து ஓடுகிறது. கைப்பிடி மாட்டச் சொன்ன உயரம் 2 அடி 9 இன்ச். மூன்று இன்ச் இடைவெளி இருக்கிறது. அப்படியானால் பயமில்லைதானே? நாளைக்கே மாட்டிவிடலாம் என்று பார்க்கிறேன்.

பைப்பு_பாண்டி | சனி மாலை 5:50

அண்ணே, நிறுத்துங்க. துளை போட்றாதீங்க.

அந்தப் போட்டோ எடுத்தப்போ தரையில் டைல்ஸ் இருந்துச்சா? இருந்திருக்காது, வெறும் கான்கிரீட்தான் இருந்திருக்கும். அதுக்கு மேல கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினதும் தரை எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க. கிரவுண்ட் ஃப்ளோர் பாத்ரூம்னா ரெண்டரை, மூணு இன்ச் சாதாரணமா ஏறும்.

திருவெறும்பூர்வாசி | சனி மாலை 6:20

இப்போதுதான் போய் அளந்தேன். பாத்ரூம் கதவு நிலை நட்டபோது எடுத்த போட்டோவில் கான்கிரீட்டிலிருந்து நிலையின் மேல் சட்டம் வரை 7 அடி 2 இன்ச். இப்போது டைல்ஸிலிருந்து 6 அடி 11 இன்ச். மூன்று இன்ச் ஏறியிருக்கிறது.

ஆக, 3 அடியில் இருந்த பைப் இப்போது டைல்ஸிலிருந்து 2 அடி 9 இன்ச்சில். கைப்பிடி ஸ்க்ரூ விழும் அதே உயரம். உட்கார்ந்துவிட்டேன்.

பைப்பு_பாண்டி | சனி மாலை 6:41

நிறைய வீட்டில் இப்படித்தான் ஓட்டை விழுது. போட்டோ இருக்கேன்னு தைரியமா அடிப்பாங்க. பக்கவாட்டிலும் இதே கதைதான். செங்கல் மூலையிலிருந்து அளந்திருப்பீங்க, அப்புறம் பூச்சு, அதுக்கு மேல டைல்ஸ் சேர்ந்து மூலை ஒரு இன்ச்சுக்கு மேல உள்ளே வந்திருக்கும்.

தரையிலிருந்தும் அளக்காதீங்க, மூலையிலிருந்தும் அளக்காதீங்க. போட்டோவிலும் இருந்து இன்னைக்கும் கண்ணுக்குத் தெரியற ஒண்ணைப் பிடிங்க. மிக்ஸர் வாய், கீசர் வாய், ஆங்கிள் காக் வாய், இதெல்லாம் இடம் மாறாது. மிக்ஸர் வாயோட நடுவிலிருந்து பைப் எத்தனை இன்ச் மேலே, கீழேன்னு போட்டோவில் பார்த்து, அதே அளவை இன்னைக்கு டைல்ஸ் மேல வைங்க. பென்சிலால் கோடு போட்டுட்டு, கீசரை ஆன் பண்ணிப் பத்து நிமிஷம் சுடுதண்ணி திறந்து விடுங்க. கையை வெச்சா டைல்ஸில் சூடு தெரியும், கோட்டோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. பச்சைத்தண்ணி பைப்புக்கு இந்த வித்தை பலிக்காது.

ஓய்வுபெற்ற_பொறியாளர் | சனி இரவு 7:30

பாண்டி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும். டிராயிங்கோ போட்டோவோ, அளவு எங்கிருந்து எடுத்தது என்று எழுதாத எண்ணை நம்பாதீர்கள். நாளை கோடு போடும்போது தாளின் தலையிலேயே "எல்லா உயரமும் முடிந்த டைல்ஸ் மட்டத்திலிருந்து" என்று எழுதிவிடுங்கள். சைட்டில் டியூப் லெவல் பிடித்துச் சுவரெல்லாம் ஒரே மட்டத்தில் கோடு போடுவார்களே, போட்டோ எடுத்தபோது அந்தக் கோட்டிலிருந்து அளந்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

சுவரில் வைத்துத் தேடும் டிடெக்டர் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சாதாரண மெட்டல் டிடெக்டர் கம்பியைக் காட்டும், சி.பி.வி.சி. பைப்பைக் காட்டாது. ஒயரில் கரண்ட் ஓடினால் அதைக் காட்டும், ஆஃப் ஆகியிருந்தால் சந்தேகம்தான்.

ஈரோட்டுத்_தறிக்காரர் | சனி இரவு 8:14

எல்லோரும் பைப்பிலேயே நிற்கிறீர்கள். நான் மாட்டியது வாரண்டியில்.

எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றரை வருடத்தில் உட்கார்ந்துவிட்டது. கார்டில் மூன்று வருடம் என்று அச்சடித்திருக்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டேன், பதிவு செய்த மொபைல் நம்பரைச் சொல்லச் சொன்னார்கள். என் நம்பர் இல்லை. மனைவி நம்பர் இல்லை. கடைசியில் பார்த்தால் எலக்ட்ரீஷியன் நம்பரில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பையன் வேலைக்கு வெளிநாடு போய்விட்டான், ஓ.டி.பி. அவன் பழைய சிம்முக்குப் போகிறது. பில்லும் கான்ட்ராக்டர் பெயரில். அதில் ஐந்து பேட்டரி, எது எந்த வீட்டுக்கு என்று கிடையாது. மூன்று மாதம் அலைந்தேன்.

நாளை அவர்கள் வரும்போதே ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரையும் கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குக் கொடுத்த கார்டில் இருந்த நம்பர் பக்கத்துச் சைட் பேட்டரியுடையது.

கட்டிடக்காரன் | சனி இரவு 8:52

ஒரே பில் விஷயத்தில் எங்கள் நிலைமையும் இருக்கிறது. மூன்று வீட்டுக்குச் சேர்த்து வாங்கினால்தான் விலை படியும். ஜி.எஸ்.டி. கணக்குக்கு ஒரிஜினல் எங்களிடம்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பில்லின் ஜெராக்ஸில் உங்கள் வீட்டுச் சீரியல் நம்பரை எழுதி, கான்ட்ராக்டர் சீலும் கடை சீலும் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் மறுக்க மாட்டார். வாங்கின சூட்டோடு கேட்க வேண்டும், ஆறு மாதம் கழித்துப் போனால் முகம் கொடுக்க மாட்டார்.

திருவெறும்பூர்வாசி | ஞாயிறு இரவு 9:05

இன்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மதியம் மூன்றுக்கு முடித்தோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாத்ரூம். பாண்டி அண்ணன் சொன்னபடி மிக்ஸர் வாயிலிருந்து அளந்து கோடு போட்டோம், சுடுதண்ணீர் விட்டுப் பார்த்தோம். கோட்டுக்கு அரை இன்ச் மேலே கைக்குச் சூடு தெரிந்தது. எங்கள் பிளம்பரே கொஞ்சம் வெட்கப்பட்டார். கைப்பிடியை 2 அடி 6 இன்ச்சுக்கு இறக்கலாமா என்று யோசித்தேன். அம்மா வந்து நின்று பிடித்துப் பார்த்துவிட்டு, எதிர்ச் சுவரில் போடு, அதுதான் எனக்குத் தோது என்று சொல்லிவிட்டார். அந்தச் சுவரில் பைப்பே இல்லை. இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

சமையலறையில் எலக்ட்ரீஷியன் கைவரிசை. டிராயிங்கில் சிம்னி பாயிண்டுக்கு ஒயரிங் பைப் மேலிருந்து நேராக இறங்குகிறது. உண்மையில், ஜன்னலை மாற்றியதால் லிண்டல் குறுக்கே வந்ததாம். அதனால் பக்கத்து சுவிட்ச் போர்டிலிருந்து சாய்வாக வெட்டிக் கொண்டுபோயிருக்கிறார். நேர்கோட்டை நம்பி மேல் கேபினட்டுக்கு அடித்திருந்தால் நேராக அதில்தான். சாய்வுக்கோட்டைப் பிரிண்டில் சிவப்பில் போட்டு, இரண்டு போர்டிலிருந்தும் அளவு எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்.

வெளியேதான் வேடிக்கை. செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று இடத்தைக் காட்டினார்கள். பேவர் பிளாக்கில் கடப்பாரை முனையால் தட்டிக்கொண்டே போனார் பிளம்பர், காம்பவுண்டு சுவரிலிருந்து 4 அடி தள்ளிச் சத்தம் மாறியது. நான்கு கல்லைப் பெயர்த்தால் மூடி. அந்த நான்கு கல்லுக்கு மட்டும் வேறு நிறம் போட்டுவிட்டோம். எர்த் குழி படிக்கட்டுக்குக் கீழே, மூடிமேல் மீதி டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தது.

இனி வாரண்டி. கீசர் இரண்டும் சீரியல் நம்பர் ஒத்துப்போகிறது, என் நம்பரிலேயே பதிவு செய்துவிட்டேன். பேட்டரிக்கு நாளை கடை சீல். மோட்டார்தான் போச்சு. போர் போட்டதும் கட்டுமானத் தண்ணீருக்காக அதே வாரம் வாங்கி இறக்கியிருக்கிறார்கள், 14 மாதம் ஆகிறது. வாரண்டி 12 மாதம். நான் ஒரு நாள்கூடக் குடியிருக்காமலே முடிந்துவிட்டது. "ஓடிக்கிட்டுதானே இருக்கு சார்" என்கிறார்.

ஈரோட்டுத்_தறிக்காரர் | ஞாயிறு இரவு 9:22

மோட்டார் கதை எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கு வாரண்டியை விட வேறொன்று எழுதி வாங்குங்கள். எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டேஜ், எத்தனை அடியில் தொங்குகிறது, பைப் எத்தனை, ஸ்டார்ட்டரில் எந்தக் கெப்பாசிட்டர். ரிப்பேருக்குத் தூக்குகிறவன் முதலில் கேட்பது இதைத்தான்.

திருவெறும்பூர்வாசி | ஞாயிறு இரவு 9:30

அது கிடைத்தது. போர் 420 அடி, மோட்டார் 340 அடியில், 10 அடிப் பைப் 34. ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டேன்.

மாலதி_பெரும்பாக்கம் | ஞாயிறு இரவு 9:51

பராமரிப்புப் புத்தகம் பற்றி யாரும் பேசவில்லையே. எங்களுக்கு வந்த இரண்டு பெட்டியிலும் உருப்படியாகப் பயன்பட்டது ஒரே ஒரு தாள். ஜெனரேட்டர் மெக்கானிக் கையால் எழுதி அறைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனது. கம்பெனிப் புத்தகத்தை இதுவரை யாரும் திறக்கவில்லை.

ஓய்வுபெற்ற_பொறியாளர் | ஞாயிறு இரவு 10:10

தனி வீட்டுக்கு அப்படி ஒரு தாள்தான். மெயின் போர்டு கதவுக்கு உள்ளே எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று எழுதுங்கள். ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் இருக்கும், அதை மாதம் ஒருமுறை அழுத்தினால் தட்டி விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி. ஐப்பசி மழைக்கு முன் மாடி வடிகால் வாயை ஆளை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.

மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்தார்களா? செய்த ஏஜென்சியின் லெட்டரைத் தனியாக வாங்குங்கள். அதில் எத்தனை வருடம் என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், எது செய்தால் செல்லாது என்பதைப் படியுங்கள். மாடியில் துளை போட்டால் செல்லாது என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். நீங்கள் சோலார் போடும் அன்று முதல் வேலையாக ஆங்கர் போல்ட்டுக்குத் துளைதான் போடுவார்கள். கரையான் மருந்து அடித்ததற்கும் இப்படி ஒரு லெட்டர் உண்டு, கேளுங்கள்.

திருவெறும்பூர்வாசி | ஞாயிறு இரவு 10:32

சோலார்காரர் ஏற்கெனவே வந்து அளந்துவிட்டுப் போய்விட்டார்! துளை போடாமல் கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்த முடியுமா என்று கேட்க வேண்டும்.

சார், இன்னொன்று. இரண்டாம் மாடி பிற்பாடு கட்டலாம் என்று எண்ணம். "அதுக்கும் சேர்த்துத்தான் ஃபவுண்டேஷன் போட்டிருக்கேன்" என்கிறார். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் ஃபுட்டிங் ஆழம் 5 அடி. கரிசல் மண் வந்ததால் ஆறரை அடி வரை போனதாகச் சொல்கிறார். அந்த வாரம் நான் ஊரில் இல்லை. போட்டோவும் இல்லை.

ஓய்வுபெற்ற_பொறியாளர் | ஞாயிறு இரவு 10:58

இதில்தான் உங்களுக்கு நல்ல பதில் என்னிடம் இல்லை. தூணில் கம்பி எத்தனை, எங்கே இருக்கிறது என்று ரீபார் லொக்கேட்டர் வைத்து ஓரளவு பார்த்துவிடலாம். ஃபுட்டிங் அப்படியில்லை, ஒரு தூணின் பக்கத்தில் குழி தோண்டினால்தான் தெரியும். அதுவும் அந்த ஒரு தூணுக்குத்தான். ஆழமாகப் போனார் என்பதாலேயே அகலமாகவும் போட்டிருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டாம் மாடி தாங்குமா என்பதில் அகலமும் மண்ணும்தான் பேசும். இப்போதைக்கு, போட்டது என்ன என்று அவர் கையால் எழுதி, டிசைன் செய்த இன்ஜினியரின் கையெழுத்தோடு வாங்குங்கள்.

கட்டிடக்காரன் | ஞாயிறு இரவு 11:15

போட்டோ இல்லாத வேலைக்கு எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டார் சார். நான் போடச் சொல்லவும் மாட்டேன்.

அந்த 1,92,000 என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்கள் முதலில்.

திருவெறும்பூர்வாசி | வியாழன் இரவு 8:40

பணம்: 1,67,000 கொடுத்துவிட்டேன். 25,000 மட்டும் நிறுத்தியிருக்கிறேன். பேட்டரி சீல், வாட்டர்ப்ரூஃபிங் லெட்டர், ஃபுட்டிங் பற்றி எழுத்து, மூன்றும் வந்ததும் கொடுப்பதாக வாட்ஸ்அப்பில் போட்டேன். கோபப்பட்டார், ஆனால் சரி என்றார். பேட்டரி சீல் செவ்வாயன்றே வந்துவிட்டது. வாட்டர்ப்ரூஃபிங் லெட்டர் நேற்று வந்தது, ஓய்வுபெற்ற பொறியாளர் சார் சொன்ன அதே வரி இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது வரவில்லை.

சட்டம்_தெரியும் | வியாழன் இரவு 8:55

நோட்டீஸ் விடுங்கள்.

கட்டிடக்காரன் | வியாழன் இரவு 9:10

25,000 நிறுத்தினது நியாயமில்லை என்றுதான் இப்பவும் சொல்வேன். எழுதாத ஒன்றுக்குப் பணத்தைப் பிடிக்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற_பொறியாளர் | வியாழன் இரவு 9:34

நியாயமா இல்லையா என்பதில் நமக்குள் ஒத்துப்போகாது, விடுங்கள். குழி விஷயம் என்ன ஆயிற்று?

திருவெறும்பூர்வாசி | வியாழன் இரவு 9:47

பின்பக்கத் தூண் ஓரத்தில் மட்டும் இன்னும் பேவர் போடவில்லை சார். கான்ட்ராக்டரிடம் அங்கே தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "தாராளமா தோண்டுங்க, ஆனா அந்தத் தூண் மட்டும் பாறை வந்ததால நாலடியிலயே நிறுத்திட்டோம்" என்றார். இதை இன்றைக்குத்தான் முதன்முதலில் சொல்கிறார். தாளில் அதையும் சிவப்பில் எழுதிவைத்துவிட்டேன்.